பிரேக்கைப் பற்றிக் கேட்க என்னைக் கூப்பிடலாம்

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். இந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னால் பாதிப் பேர் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு வரப்புத் தகராறைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நான் பார்ப்பது லாரிகளை, அதுவும் அடிபட்ட லாரிகளை. எங்கேயாவது வண்டி மோதினால் இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்து, படம் எடுத்து, எது உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்திருந்தது என்று எழுதிக் கொடுப்பேன். இருபத்து மூன்று வருடமாக இதுதான் வேலை. வீடும் அலுவலகமும் புதுச்சத்திரத்தில், சேலம் நாமக்கல் சாலையை ஒட்டி.

செய்தித்தாளில் ஒரு வரி என்னை வெகுநாளாக எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தது. 'திடீரென பிரேக் செயலிழந்ததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி...' எந்த விபத்தானாலும் அதே வரி. லாரியின் ஏர் பிரேக் அப்படித் திடீரென்று காணாமல் போகிற சாமான் அல்ல. இப்போது வருகிற வண்டிகளில் காற்று ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் பின்சக்கரத்து ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வண்டி ஓடாது, நிற்கும். மலை இறக்கத்தில் நடப்பது வேறு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்து டிரம் சூடேறிக் கொதிக்கும். டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் பிடிமானத்தை இழக்கும். மிதி முழுவதும் உள்ளே போகும், வண்டி நிற்காது. இது ஒரு நொடியில் வருவதில்லை. பல கிலோமீட்டர் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் தவிர்க்கலாம். 'திடீரென' என்று எழுதிவிட்டால் அது விதி ஆகிவிடுகிறது, யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

காலையில் காபியோடு இதை நான் தினம் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, எனக்கு ஸ்பிரிங்கும் தெரியும், டிரம்மும் தெரியும். லாரி ஓட்டறது ஒண்ணுதான் பாக்கி. எழுதறவங்ககிட்டச் சொல்லாம என்கிட்டச் சொல்லி என்னாகப் போகுதுங்க?"

அது உறைத்தது. பத்திரிகைக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குக் கோபம் மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். பத்திரிகையில் 'நிபுணர்' என்று என் பெயர் வந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையும் இருந்தது. பெரிய ஊர்களில் இருக்கும் சர்வேயர்கள் இங்கிலீஷ் பேப்பரில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் என்னைவிட அதிகம் வண்டி பார்த்தவர்களாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். படிப்பு, உரிமம், அனுபவம், பார்த்த வண்டி வகைகள், ஏர் பிரேக்கின் வரலாறு, பத்திரிகைகள் செய்யும் தவறுகள் என்று ஒன்றுவிடாமல். 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்று தொடங்கி ஏழு பத்திரிகைகளின் பொது முகவரிக்கு அனுப்பினேன். மின்னஞ்சலின் தலைப்பு: 'ஓர் அறிமுகம்'.

ஒரு மாதம் ஆயிற்று. ஒருவர்கூடப் பதில் போடவில்லை. இரண்டு கடிதங்கள் பெட்டி நிறைந்துவிட்டது என்று திரும்பி வந்தன.

நிருபர்களையும் நிபுணர்களையும் சேர்த்துவைக்கும் இணையதளங்கள் இருப்பதாக என் மருமகன் சொன்னான். பதிவு செய்துகொண்டேன். தினம் காலையில் கேள்விகள் வந்து விழும். எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருக்குக் குளிர்காலத்தில் காரை எப்படிப் பாதுகாப்பது என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு நாயோடு பயணம் போவது பற்றி. லாரி பற்றி இரண்டு வாரத்தில் ஒரு கேள்வி வந்தது. நான் பதில் எழுதி முடிக்கும்போது அவர்கள் குறித்திருந்த கெடு முடிந்திருந்தது. விட்டுவிட்டேன்.

பிறகுதான் ஆளைத் தேடினேன். பழைய பேப்பரைக் கடைக்குப் போடாமல் எடுத்து வைத்து, சேலம் பதிப்பில் சாலை விபத்துகளை யார் எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலும் பெயர் இருக்காது. ஒரு தமிழ் நாளிதழில் மட்டும் ஒரு பெண்ணின் பெயர் அடிக்கடி வந்தது. சாவு எண்ணிக்கையோடு நிறுத்தாமல், அந்த வளைவில் விளக்கு எரியவில்லை, இந்த இடத்தில் தடுப்பு உடைந்து ஆறு மாதம் ஆகிறது என்றும் எழுதுகிறவர். அலுவலகத்துக்குப் போன் செய்து அவர் எண்ணைக் கேட்டேன். கொடுக்கவில்லை. என் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

அந்த வாரம் எனக்குச் சூரமங்கலத்தில் வேலை இருந்தது. சேலம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சந்தித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்ததும் என் கடிதத்தைப் பற்றித்தான் பேசினார். அது அவர் அலுவலகத்துக்கும் வந்திருக்கிறது.

"நாலு பக்கம் சார். யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. நானே நீங்க போன் பண்ணதுக்கு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். மூணாவது பக்கத்துல நாங்க எவ்வளவு முட்டாள்னு எழுதிருக்கீங்க."

"அது பொதுவா எழுதினதுங்க," என்றேன்.

"பரவால்ல. எனக்கு என்ன வேணும்னு சொல்றேன். விபத்து நடந்த அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நீங்க போன எடுக்கணும். ஆறரைக்குப் பக்கம் முடியும். ரெண்டே வாக்கியம், எங்க வீட்டுக்காரருக்குப் புரியுற மாதிரி. அவரு பேங்க்ல இருக்காரு, லாரியத் தொட்டது கூட இல்ல. உங்களுக்குத் தெரியாததுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். அப்புறம், எழுதினத முன்னாடி காட்டச் சொல்லிக் கேக்காதீங்க. எங்க பேப்பர்ல அந்த வழக்கம் இல்ல. தலைப்பு நான் வைக்கறதும் இல்ல, டெஸ்க்ல இருக்கறவங்க வைப்பாங்க."

வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தூக்கிப் போட்டேன். புதிதாக எழுதியது வாட்ஸ்அப்பில் ஒரு திரையில் அடங்கியது:

'வணக்கம். நான் உரிமம் பெற்ற வாகன இன்சூரன்ஸ் சர்வேயர், புதுச்சத்திரம். லாரி, பேருந்து விபத்துகளில் பிரேக், டயர், சுமை பற்றிச் சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் ஏன் பிடிப்பதில்லை என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியும். காலை ஏழு முதல் இரவு எட்டு வரை போன் எடுப்பேன். இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்காக வேலை செய்கிறவன் என்பதை என் பெயரோடு சேர்த்துப் போடவும்.'

அந்தக் கடைசி வரி என் யோசனை அல்ல. திருச்செங்கோட்டில் ஒருவர் லாரிக்காரர்களுக்காக வலைப்பூ நடத்துகிறார். பதினெட்டு வருடம் நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டி, முதுகு போனதால் இறங்கியவர். டயர், டோல், ரிப்பேர் என்று தமிழில் எழுதுகிறார். டிரைவர்கள் வழிநெடுகப் படிக்கிறார்கள். அவருக்கும் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"சர்வேயருங்களா? உங்க லைசென்ஸ் காப்பி ஒண்ணு அனுப்பி உடுங்க."

"எதுக்குங்க?"

"எனக்கு வாரத்துக்கு நாலு நிபுணருங்க போன் பண்றாங்க. மூணு பேரு ஆயில் விக்கறவங்க. அதுக்குத்தானுங்க."

அனுப்பினேன். அடுத்த கேள்வி அதைவிட நேராக வந்தது. "நீங்க இன்சூரன்ஸ்காரன் பக்கத்து ஆளு. டிரைவர் மேல தப்புன்னா கம்பெனிக்கு லாபந்தானுங்களே?"

"அப்படி இல்லீங்க. டிரைவர் அசால்ட்டா ஓட்டினாலும் கிளெய்ம் உண்டு. நான் சேதத்த மதிப்பிடறவன், எந்தப் பக்கமும் இல்ல."

"செரி. ஆனா நீங்க இன்சூரன்ஸுக்கு வேலை செய்யறவருங்கறத எழுதிப் போடறேன். படிக்கறவனுக்குத் தெரியோணும்."

கோபம் வந்தது. யோசித்தபோது அவர் சொல்வது நியாயமாகப் பட்டது. அவரோடு ஒரு மணி நேரம் பேசினேன். போனில் பதிவு செய்து, எழுதி, எனக்கு அனுப்பினார். "கருத்த மாத்தாதீங்க, தொழில்நுட்பம் தப்பா இருந்தா மட்டும் சொல்லுங்க," என்றார். ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தம் இருந்தது. முன்சக்கரத்துக்கு அந்த ஸ்பிரிங் கிடையாது என்பதை நான்தான் தெளிவாகச் சொல்லவில்லை. கட்டுரையின் கீழே டிரைவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து பதில் எழுதினேன். என் போன் எண்ணையும் கீழே போடச் சொன்னேன்.

நாளிதழிலிருந்து முதல் அழைப்பு மழைக்காலத்தில் வந்தது. நாமக்கல் பக்கம் ஒரு டிரெய்லர் டேங்கர் நடுவில் மடங்கி, குறுக்கே திரும்பிச் சாலையை மறித்துக் கிடந்தது. சாயங்காலம் ஐந்தேகால்.

"வண்டி ஏன் சார் மடங்கிக்கிச்சு?"

"நான் இந்த வண்டியப் பாக்கலீங்க. பொதுவாச் சொல்றேன். ஈர ரோட்டுல திடீர்னு அழுத்திப் பிடிச்சா, காலி வண்டியோட பின்சக்கரம் உருளாம வழுக்கும். பின்னாடி இருக்கறது முன்னாடி இருக்கறத முந்தப் பாக்கும். அதான் மடங்குது."

"போதும் சார். இது போதும்."

மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. என் மனைவி வெட்டி பிரிட்ஜில் ஒட்டினாள். அடுத்த மூன்று மாதத்தில் ஏழெட்டு முறை வந்திருக்கும். இன்னொரு நாளிதழும் கூப்பிட்டது. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்து, ஒரு பட்டறையில் நசுங்கிக் கிடந்த கேபினுக்கு முன்னால் என்னை நிற்க வைத்தார்கள். பட்டறைக்காரர்கள் 'நிபுணர் வாராரு' என்று கிண்டல் செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போனை மேலே வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினேன்.

அந்த விபத்து ஒரு வியாழக்கிழமை நடந்தது. தர்மபுரிக்குப் போகிற வழியில் உள்ள மலை இறக்கத்தில், மரவள்ளிக் கிழங்கு மாவு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் நின்றிருந்த மூன்று வண்டிகளின்மேல் மோதியது. யாரும் சாகவில்லை. லாரி டிரைவருக்கு இரண்டு காலும் முறிந்தது. அந்த மூன்றில் ஒன்றான காரில் இருந்த இரண்டு பேருக்கு அடி.

ஆறு மணிக்கு நிருபர் கூப்பிட்டார். பக்கத்தில் யாரோ அவரை அவசரப்படுத்துவது கேட்டது.

"சார், இறக்கத்துல ஏன் இந்த மாதிரி ஆகுது?"

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். டிரம் சூடு, லைனிங், கீழ் கியரில் இறங்க வேண்டும், டீசலை மிச்சப்படுத்தக் கியர் போடாமல் நியூட்ரலில் விடுவார்கள், அப்படி விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளாது, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும்.

"இந்த வண்டியிலயும் அதுதானா சார்?"

அந்த இடத்தில் நான் 'பார்க்கலீங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழெட்டு முறை சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. இருபத்து மூன்று வருட அனுபவம் ஒன்று உண்டல்லவா, அது பேசியது.

"அதாத்தான் இருக்கும். நியூட்ரல்ல உட்டுருப்பான்."

"தேங்க்ஸ் சார்." போன் வைத்துவிட்டார்.

காலையில் முதல் பக்கத்திலேயே வந்திருந்தது. தலைப்பு: 'நியூட்ரலில் ஓட்டியதே விபத்துக்குக் காரணம்: நிபுணர்.' உள்ளே படித்தால் 'ஓட்டியிருக்கலாம்' என்றுதான் இருந்தது. தலைப்பில் அந்த 'லாம்' இல்லை. இருந்தாலும் முதல் பக்கம். மனைவி கத்தரிக்கோலைத் தேடினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மதியமே திருச்செங்கோட்டுக்காரர் கூப்பிட்டார். "வண்டியப் பாத்தீங்களாங்க?"

"இல்லீங்க."

"பாக்காமயா சொன்னீங்க? வலைப்பூவுல என்ற ஆளுங்க கேக்கறாங்க. என்ன பதில் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் போனில் இடம் கேட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாள். சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து பஸ் ஏறி, புதுச்சத்திரத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள். கையில் துணிப்பை. அதிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். டிரைவர்கள் படிக்கிற வலைப்பூவில் இருந்தது என்றாள். ஊர் கெங்கவல்லி. அந்த லாரியை ஓட்டியவரின் மனைவி.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இது நீங்கதான சார்?"

"ஆமாம்மா."

"வண்டிய எப்ப சார் பாத்தீங்க? ஸ்டேஷன்லதான நிக்குது. நான் போலீஸ்ல கேட்டேன், யாரும் வந்து பாக்கலன்னாங்க."

"பாக்கலம்மா."

"பாக்காம எப்டி சார் சொன்னீங்க?"

நான் பொதுவாகச் சொன்னேன், அவர்கள் தலைப்பை மாற்றிவிட்டார்கள் என்று ஏதோ தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். "அவரு எட்டு வருஷமா ஓட்டறாரு. பின்னாடி பிரேக்கு சரியில்ல, லைனிங்கு மாத்தணும்னு ஓனர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிருக்காரு. எங்கிட்டயும் சொன்னாரு. இப்ப ஓனர் இந்தப் பேப்பரக் காட்டி, உன் புருஷன்தான் நியூட்ரல்ல ஓட்டிருக்கான், பேப்பர்லயே வந்துருச்சு, என்னை எதுக்குக் கேக்கறங்கறாரு. ஆஸ்பத்திரிக்குக்கூட வரல. அவரு படுத்துக்கிட்டே படிச்சாரு சார். நான் நியூட்ரல் போடலடின்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "பேப்பர்ல போட்டீங்க. பேப்பர்லயே சொல்லுங்க," என்றாள். செய்தித்தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நிருபரைக் கூப்பிட்டேன். திருத்தம் போடுங்கள் என்றேன்.

"என்ன திருத்தம் சார்? நீங்க சொன்னதத்தான் எழுதினேன். ரெக்கார்டிங் இருக்கு, கேக்கறீங்களா?"

"தலைப்பு..."

"தலைப்பு தப்புதான். அதுக்கு நான் டெஸ்க்ல சண்ட போட்டுட்டேன். ஆனா 'அதாத்தான் இருக்கும்'னு சொன்னது நீங்க." கொஞ்சம் தணிந்து, "நானும் வண்டியப் பாத்தீங்களான்னு கேட்டிருக்கணும். எப்பவும் நீங்களே சொல்லிடுவீங்க, அன்னிக்குச் சொல்லல. நான் கவனிக்கல," என்றார்.

இரண்டு வழி சொன்னார். ஆசிரியருக்குக் கடிதமாக என் பெயரில் எழுதி அனுப்பினால் வாசகர் பகுதியில் போடச் சொல்வார். அதைவிடப் பெரிதாக வர வேண்டுமென்றால் புதிதாக ஏதாவது தெரிய வேண்டும். "நீங்க வருத்தப்படறது செய்தி இல்ல சார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியப் பாத்து ரிப்போர்ட் குடுப்பாரு. அது வரட்டும். அது செய்தி."

அன்றே கடிதம் எழுதினேன். இந்த முறை நாலு வரி. விபத்துக்குள்ளான வாகனத்தை நான் ஆய்வு செய்யவில்லை. அதன் காரணம் பற்றி நான் கூறியது ஊகம். அதைக் கூறியிருக்கக் கூடாது. ஓட்டுநரிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். அதே நாலு வரியைத் திருச்செங்கோட்டுக்கும் அனுப்பினேன். அவர் ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டார். கீழே டிரைவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். நல்ல வார்த்தைகள் அதிகம் இல்லை. 'ஏசி ரூம்ல உக்காந்து நியூட்ரல் போடறவன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அலுவலகத்தில் ஏசி கிடையாது. அதைச் சொல்லிப் பதில் எழுதப் போய், அழித்துவிட்டேன். நாளிதழில் கடிதம் ஐந்து நாள் கழித்து வந்தது, இரண்டு வரி குறைந்து.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு சர்வேக்குக் கூப்பிட்டார்கள். வண்டி எண்ணைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. அதே லாரி.

"என்னால முடியாதுங்க," என்றேன்.

"ஏன் சார், ஊர்ல இல்லீங்களா?"

"அந்த வண்டியப் பத்தி ஏற்கெனவே பேப்பர்ல பேசிட்டேன். இனி நான் என்ன எழுதினாலும் எடுபடாது. வேற ஆளப் போடுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அந்த நிபுணர் நீங்களா சார்?"

நாமக்கல்லில் இருந்து வேறொரு சர்வேயர் போய்ப் பார்த்தார். அவர் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் ஆய்வாளரின் அறிக்கை வழக்குக் கோப்பில் போய்ச் சேர்ந்தது. அதன் நகலை நிருபர் எப்படியோ வாங்கிவிட்டார். ஒரு மதியம் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கியர்பாக்ஸ் மூன்றாம் கியரில் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டில் லைனிங், அதைப் பிணைக்கும் ரிவெட் ஆணி தெரியும் அளவு தேய்ந்திருந்தது.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்? இப்ப இந்த வண்டியப் பத்தியே பேசலாம், ரிப்போர்ட் இருக்கு."

"ரிப்போர்ட்ல இருக்கறதுக்கு மட்டும் அர்த்தம் சொல்றேங்க. நியூட்ரல்ல வரல. கியர்லதான் வந்திருக்காரு. ரெண்டு சக்கரத்துல லைனிங் இல்லாட்டி மிச்ச சக்கரம் எல்லாப் பாரத்தையும் சுமக்கோணும், சீக்கிரம் சூடேறும். மூணாங்கியரு அந்த இறக்கத்துக்குப் போதுமாங்கறது லோடப் பொறுத்தது. அது எனக்குத் தெரியாது. நான் முன்ன சொன்னது தப்பு. அதையும் போடுங்க."

"தப்புங்கற வார்த்தையே போடவா?"

"போடுங்க."

மூன்றாம் பக்கத்தில் வந்தது. 'விபத்து லாரி கியரில்தான் வந்தது: ஆய்வறிக்கை'. கடைசிப் பத்தியில் நான். வந்ததைப் படம் எடுத்து, கெங்கவல்லிப் பெண்ணின் எண்ணுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. 'பார்த்தேன் சார்.' அவ்வளவுதான். வேறெதுவும் எழுதும்படி நான் எதுவும் செய்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பல மாதம் கழித்து, அவள் கணவர் கோல் ஊன்றி நடக்கிறார், ஆத்தூரில் வேறொரு முதலாளியின் லாரி ஷெட்டில் சரக்குப் புக்கிங் பார்க்கிறார் என்று திருச்செங்கோட்டுக்காரர் மூலம் கேள்விப்பட்டேன். வழக்கு இன்னும் நடக்கிறது.

பிரிட்ஜில் ஒட்டியிருந்த செய்தி நறுக்குகளை நான் எடுக்கவில்லை. மனைவிதான் ஒருநாள் பிரிட்ஜைத் துடைக்கும்போது எல்லாவற்றையும் எடுத்து ஒரு உறைக்குள் போட்டாள். கேட்டதற்கு, "பசை காஞ்சு உதிருதுங்க," என்றாள்.

என் வாட்ஸ்அப் அறிமுகத்தில் இரண்டு வரி கூடின. 'நான் நேரில் பார்க்காத வண்டியின் விபத்துக்குக் காரணம் சொல்ல மாட்டேன். நானே சர்வே செய்த வண்டியைப் பற்றியும், அறிக்கை நிறுவனத்துடையது என்பதால், பேச முடியாது.' இதைப் போட்டதும் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு நாளிதழின் நிருபர் ஒருவர் ஒளிவுமறைவில்லாமலே சொன்னார்: "பாத்த வண்டியப் பத்தியும் சொல்ல மாட்டீங்க, பாக்காததப் பத்தியும் சொல்ல மாட்டீங்கன்னா, நாங்க உங்கள எதுக்கு சார் கூப்பிடணும்?" பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கக் கூப்பிடலாம் என்றேன். அவர் கூப்பிடவில்லை.

சூரமங்கலத்தில் சந்தித்த நிருபர் மட்டும் தொடர்ந்து கேட்டார். எனக்குத் தெரியாததைக் கேட்டால் தெரிந்தவரின் எண்ணைக் கொடுப்பேன். சாலை வளைவு, சரிவு பற்றி என்றால் ஓய்வுபெற்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர். புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயர் பற்றி என்றால் நாமக்கல்லில் ஒரு டயர்க்காரர். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் எண் கொடுப்பேன். என் பெயர் வராத செய்திகள் அவை. ஆனாலும் என்னிடமிருந்து தொடங்கியவை என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன ஆண்டு அவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் புதிதாக வரப்போகிறவரின் எண்ணை அனுப்பினார். நாற்பத்தைந்து வயது, திருச்சிக்காரர், அதுவரை கோயில், கல்விச் செய்திகளை எழுதியவர். என் அறிமுகத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பதினைந்து நாள் கழித்து மறுபடி அனுப்பினேன், இந்த முறை முதல் வரியை மாற்றி: 'விபத்து எதுவும் இல்லாத ஒரு நாளில் வந்தால், பட்டறையில் ஒரு லாரியின் பிரேக்கைக் கழற்றிக் காட்டுகிறேன். செய்தி எழுத வேண்டியதில்லை.'

வந்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைச் சட்டையில், பஸ்ஸில். டிரைவிங் லைசென்ஸே கிடையாது என்றார். பட்டறைக்காரர் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். புது லைனிங் ஒன்று, தேய்ந்தது ஒன்று, இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன். இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்.

"இதுதானா? இவ்வளவு சின்னதா இருக்கு."

"இதுதானுங்க."

"இது தேஞ்சிருக்கான்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. என் சக நிபுணர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை. மிதியின் ஆழம், பிடிக்கும் நேரம், சத்தம், வாசனை என்று பட்டறைக்காரரே சொல்லத் தொடங்கினார். நான் ஓரமாக நின்றுகொண்டேன். திருச்சிக்காரர் குறிப்பேட்டை எடுத்து, பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டு எழுதினார். சட்டைக் கையில் கிரீஸ் பட்டிருந்தது. பட்டறைக்காரர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொடுத்தார். துடைத்தபோது கறை இன்னும் கொஞ்சம் பரவியது. இதை வைத்துச் செய்தி ஒன்றும் எழுதப்போவதில்லை, தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிவிட்டு, திருச்சிக்காரர் பதினோரு மணி சேலம் பஸ்ஸில் ஏறிப் போனார்.